வீட்டுக்கு வந்த ஏ.சி. மெக்கானிக் ஸ்பேரும் கூலியும் கூட்டினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் கேட்டபோது ஒரு தொகை சொன்னார். வந்து பிரித்த பிறகு அது பல மடங்கு ஆகிவிட்டது. இது வழக்கமா, ஏமாற்றா?

தொகை கூடியதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. "கூலிங் இல்லை" என்று நீங்கள் போனில் சொல்வது ஒரே புகார்தான். ஆனால் அதற்குப் பின்னால் தூசி அடைத்த ஃபில்டர் இருக்கலாம், வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் குழாய்ச் சுருளான காயிலில் அழுக்கேறியிருக்கலாம், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓட உதவும் கெபாசிட்டர் பலமிழந்திருக்கலாம், பைப் இணைப்பில் கேஸ் கசிந்திருக்கலாம், ஏ.சி.யைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டு போயிருக்கலாம். முதல் இரண்டுக்கும் தண்ணீரும் ஒரு மணி நேரமும் போதும். கடைசி இரண்டுக்கு அதைப்போலப் பல மடங்கு செலவாகும். மூடியைக் கழற்றாமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே போனில் சொன்ன தொகை வந்து பார்ப்பதற்கான தொகை மட்டுமே.

பார்க்க வேண்டியது, தொகை எப்படிக் கூடியது என்பதை. பழுது என்று சொன்னதை அளந்து காட்டினாரா? வேலையைத் தொடுவதற்கு முன் விலை சொல்லி உங்கள் சம்மதத்தை வாங்கினாரா? ஒரே உழைப்புக்கு இரண்டு பெயரில் கூலி போட்டிருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பில்லில் எந்த வரி நிற்கும், எது நிற்காது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இங்கே ஸ்பிளிட் ஏ.சி.யை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதில் தகராறுக்கு வரும் கெபாசிட்டர், கேஸ், போர்டு ஆகிய மூன்றின் பழுதும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக்கின் வாயை நம்ப வேண்டியிருக்கிறது, அல்லது மீட்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வருவதற்கு முன்பே என்னென்ன பேசி வைத்துக்கொள்வது?

விசிட்டிங் சார்ஜ் எவ்வளவு, வேலை செய்தால் அது பில்லில் கழியுமா, தனியாக நிற்குமா என்று கேளுங்கள். சாதாரண சர்வீஸ் என்று அவர் சொல்வதில் அவுட்டோரைக் கழுவுவதும் சேர்ந்ததா என்று கேளுங்கள். பிறகு, "ஸ்பேர் எதுவானாலும் விலை சொல்லி, நான் சரி என்ற பிறகுதான் மாட்ட வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வைத்தால், பிறகு யார் என்ன சொன்னார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாடல் எண், கம்ப்ரசரின் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டும் இன்வெர்ட்டர் வகையா இல்லையா, எந்த கேஸ், எத்தனை கிராம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சரியான ஸ்பேரை அவர் கையோடு கொண்டுவருவார். "கடைக்குப் போய் வாங்கி வந்தேன்" என்ற இரண்டாவது பயணக் கூலியும் மிச்சம். அவுட்டோர் எட்டாத இடத்தில், வெளிச்சுவரில் தொங்கினால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏணியும் துணைக்கு ஒரு ஆளும் தேவைப்பட்டால் அதற்குக் கூடுதல் கேட்பது முறைதான். சொல்லாமல் வரவழைத்துவிட்டு அந்தக் கூலியை மறுப்பது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

"கெபாசிட்டர் போயிடுச்சு" என்கிறார். உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அந்தத் தகட்டைப் பாருங்கள். இன்வெர்ட்டர் ஏ.சி. என்றால் அதன் கம்ப்ரசரை ஓட்டுவது போர்டு. பழைய வகை ஏ.சி.யில் கம்ப்ரசருக்கென்று இருக்கும் உருளை கெபாசிட்டர் அதில் இருக்காது. இன்வெர்ட்டர் யூனிட்டுக்கு "கம்ப்ரசர் கெபாசிட்டர் மாற்றினேன்" என்று பில்லில் வரி இருந்தால், எங்கே மாட்டினார் என்று காட்டச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் அல்லாத ஏ.சி.யில் இது அடிக்கடி வரும் உண்மையான பழுதுதான். அவுட்டோர் ஃபேன் ஓடும், கம்ப்ரசர் சில நொடிகள் "உம்" என்று முனகி நின்றுவிடும், உள்ளே வெறும் காற்று வரும். அல்லது கம்ப்ரசர் ஓடினாலும் வழக்கத்தைவிட அதிக கரண்ட் இழுக்கும். சோதிக்க ஐந்து நிமிடம் போதும். மெயின் சுவிட்சை அணைத்து, கெபாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கி, ஒயர்களைக் கழற்றி, கெபாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டரில் வைத்துக் காட்ட வேண்டும். மேலே 35 மைக்ரோஃபாரட், கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், 33.25 முதல் 36.75 வரை எது காட்டினாலும் அது நல்ல கெபாசிட்டர். 22 என்று காட்டினால் மாற்றத்தான் வேண்டும். தலைப்பகுதி உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மீட்டரே தேவையில்லை. இந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.

புதிய கெபாசிட்டரையும் மாட்டுவதற்கு முன் அதே மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழையதை உங்களிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். உண்மையிலேயே மாற்றியவருக்கு இரண்டிலும் தயக்கம் இருக்காது.

"கேஸ் கம்மியா இருக்கு, ஃபுல்லா போடணும்" என்றால் நம்பலாமா?

ஏ.சி.யில் கேஸ் எரிபொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, ஓட ஓடத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். ஆகவே "கசிவு எங்கே?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால் அது பொய், அல்லது கசிவைத் தேடாமல் மறுபடி மறுபடி நிரப்பும் பழக்கம்.

கசிவு பெரும்பாலும் செம்புக் குழாயை நட்டு போட்டு இணைத்திருக்கும் இடத்தில், குறிப்பாக அவுட்டோரின் வால்வு அருகே இருக்கும். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வருவதால், அந்த இடத்தில் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை தெரியும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். அந்தக் குமிழியை நீங்களே நின்று பார்க்கலாம்.

அழுத்தம் அளக்கும் கேஜைக் காட்டி "பிரஷர் இறங்கியிருக்கு" என்று சொல்லும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஏ.சி. ஓடாமல் நிற்கும்போது பார்க்கும் அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லாது. குழாய்க்குள் கொஞ்சமாவது திரவ நிலையில் இருக்கும்வரை, சுற்றியுள்ள வெப்பத்துக்கு ஏற்ற அழுத்தமே காட்டும். பாதி கேஸ் இருந்தாலும் முழுசாக இருந்தாலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். கேஸில் பெரும்பகுதி வெளியேறியிருந்தால் மட்டும் இதில் தெரியும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். ஏ.சி. ஓடும்போது அழுத்தம் குறைவதற்கு அழுக்கு ஃபில்டரும் தூசி படிந்த இண்டோர் காயிலுமே போதுமான காரணம். காற்று ஓட்டம் குறைந்தால் காயிலில் ஈரம் உறைந்து பனி கட்டும், கேஜில் முள் கீழே வரும், பார்ப்பதற்கு அச்சு அசலாக கேஸ் குறைவு மாதிரியே இருக்கும். எனவே கழுவிய பிறகு, கால் மணி நேரம் ஓடவிட்டு, அதன் பின் அளந்த அழுத்தமே கணக்கு. கழுவுவதற்கு முன் கேஜை மாட்டி "கேஸ் இல்லை" என்று முடிவு சொன்னால், "முதலில் சர்வீஸ் பண்ணுங்க, அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கேஸ் செலவே இல்லாமல் முடிந்துபோகக்கூடிய இடம் இதுதான். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரசரின் வேகமே மாறிக்கொண்டிருப்பதால், வெறும் கேஜை வைத்து அளவு சொல்வது இன்னும் நம்பகமற்றது. அதற்கு எடை போட்டு நிரப்புவதே வழி.

எவ்வளவு கேஸ் போட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சிலிண்டரை எடை போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் ஓர் எடை, போட்ட பின் ஓர் எடை, இடையில் இருக்கும் வித்தியாசம் உங்கள் ஏ.சி.க்குள் போயிருக்கிறது. இரண்டு எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தகட்டில் 800 கிராம் என்று போட்டிருந்தால், கூடுதல் நீளமாகக் குழாய் போடாத வீட்டில் அதற்கு மேல் போக வழியே இல்லை.

"ஃபுல் கேஸ்" என்பதும் "டாப் அப்" என்பதும் வெவ்வேறு வேலைகள். டாப் அப் என்றால் இருப்பதோடு குறைந்ததை மட்டும் சேர்த்து நிரப்புவது. ஃபுல் என்றால் பழைய கேஸை எடுத்துவிட்டு, கசிவைச் சரிசெய்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, வேக்குவம் பம்ப்பை இருபது முப்பது நிமிடம் ஓட்டிக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, பிறகு தகட்டில் உள்ள அளவை எடை போட்டு ஏற்ற வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. பம்ப் சத்தமே கேட்காமல் இருபது நிமிடத்தில் "ஃபுல் கேஸ்" முடிந்துவிட்டதென்றால், நடந்தது டாப் அப். அதற்கு டாப் அப் விலைதான் தர வேண்டும்.

போர்டு மாற்ற வேண்டும் என்கிறார். விலை அதிகம். உடனே சரி சொல்லலாமா?

வேண்டாம். அன்றே முடிவெடுக்க அவசியம் இல்லாத செலவு இது. போர்டுதான் என்று எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். உள்ளே மின்சாரம் வருகிறது, கட்டளை வெளியே போகவில்லை என்று மீட்டரில் காட்டினால் ஏற்கலாம். திரையில் ஒரு பிழை எண் வந்தது என்பது மட்டும் போதாது. சென்சார் கெட்டிருந்தாலும், ஒயர் கனெக்டர் தளர்ந்திருந்தாலும், எலி கடித்த ஒயராக இருந்தாலும் பிழை எண் வரும்.

சம்மதிக்கும் முன் ஒரு நிபந்தனை பேசிக்கொள்ளுங்கள்: "இந்த போர்டு மாட்டியும் ஓடவில்லை என்றால் போர்டைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள், அதற்குப் பணம் இல்லை." எலக்ட்ரானிக் ஸ்பேரைப் பிரித்துவிட்டால் பெரும்பாலான கடைகளில் திரும்ப வாங்க மாட்டார்கள். தவறான கணிப்பின் சுமை யார் தலையில் என்பது மாட்டுவதற்கு முன்பே தீர வேண்டும். புதியதா, ரிப்பேர் செய்த பழைய போர்டா என்பதும் பில்லில் இருக்கட்டும். ரிப்பேர் போர்டு வாங்குவது தப்பில்லை, புதியதின் விலைக்கு வாங்குவதுதான் தப்பு.

ஸ்பேருக்கு ஒரு தொகை, மாட்ட ஒரு தொகை, அவுட்டோரைத் திறக்க ஒரு தொகை. கூலியை இப்படிப் பிரித்துப் போடலாமா?

பிரிக்கலாம், ஒரே உழைப்பை இரண்டு முறை எண்ணக் கூடாது. கெபாசிட்டர் மாற்றும் கூலி என்று ஒரு விலைப் பட்டியலில் இருந்தால், அதில் அவுட்டோரிடம் போவது, மேல்மூடியைக் கழற்றுவது, சோதிப்பது, மாட்டுவது, மூடுவது எல்லாம் அடக்கம். தனியாக அதற்கென்றே வந்திருந்தால் அந்தக் கூலி முழுசாகச் சரி. ஆனால் சர்வீஸுக்காக ஏற்கெனவே மூடியைக் கழற்றி, அதற்குக் கூலியும் போட்டுவிட்டார் என்றால் கணக்கு வேறு. இப்போது கெபாசிட்டருக்காகக் கூடுதலாகச் செய்தது அளந்து பார்த்ததும், மூன்று நான்கு ஒயர் முனைகளை மாற்றிச் செருகியதும்தான். பத்துப் பதினைந்து நிமிடம். அந்தக் கணக்குக்குத்தான் கூலி.

"திறந்த கூலி" என்று தனி வரி இருந்தால் அது நிற்காது. திறக்காமல் கழுவ முடியாது. மாறாக, துருப்பிடித்த திருகு உடைந்து அதைக் குடைந்து எடுக்க வேண்டியிருந்தது, செம்புக் குழாயின் வாய்ப்பகுதி விரிசல் விட்டதால் வெட்டி மறுபடி விரித்துப் போட வேண்டியிருந்தது என்றால் அது மெய்யான கூடுதல் உழைப்பு, முன்கூட்டித் தெரிய வாய்ப்பில்லாதது. அதற்குத் தயங்காமல் கொடுங்கள். நல்ல குழாய் அவர் கை தவறி மடங்கி உடைந்தால் மட்டும் சரிசெய்வது அவர் செலவு.

ஸ்பேர் விலையில் அவருக்கு லாபம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். தேடி வாங்கி, கையில் வைத்திருந்து, கெட்டுப்போனால் மாற்றித் தருவது அவர். கடை விலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு மடங்கைத் தாண்டினால், அதே எண், அதே தயாரிப்பு உள்ள ஸ்பேரின் விலையை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

நான் உள்ளே இருந்தேன். கேட்காமலே மாட்டி முடித்துவிட்டுத் தொகை சொல்கிறார். என்ன செய்வது?

கழற்றித் திருப்பித் தரக்கூடியதா என்று பாருங்கள். கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார் ஆகியவற்றைக் கழற்றலாம். பழையதை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். பழையது நல்ல அளவில் இருந்தால் அதையே திரும்ப மாட்டச் சொல்லிவிடுங்கள், அதற்குக் கூலி கிடையாது. பழையது கெட்டதுதான் என்று தெரிந்தால், ஸ்பேரின் நியாயமான விலையைக் கொடுத்து வைத்துக்கொள்வதே உங்களுக்கும் நல்லது. கேட்காமல் செய்ததற்கான கூலியைக் குறைத்துப் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேஸ் அப்படியல்ல, உள்ளே போனதை எடுப்பது தனி வேலை. அங்கே எடைதான் தீர்வு. சிலிண்டரை எடை போடவும் இல்லை, கசிவைக் காட்டவும் இல்லை என்றால், எத்தனை கிராம் என்று அவராலும் சொல்ல முடியாத ஒன்றுக்கு ஃபுல் விலை கேட்க முடியாது. டாப் அப் விலையோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு முழு பில்லை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஊருக்கு ஊர் விலை வேறு என்பதால் விசிட்டிங் சார்ஜை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அதற்கு ஒப்பிட்ட எண்கள், உதாரணத்துக்கு மட்டும். இன்வெர்ட்டர் இல்லாத ஒரு ஸ்பிளிட் ஏ.சி., தகட்டில் ஆர்-32 கேஸ் 800 கிராம். போனில் பேசியது: விசிட் 100, வேலை செய்தால் அது கழியும், அவுட்டோர் உட்பட சர்வீஸ் 150.

வேலை முடிந்து வந்த பில்: விசிட் 100, சர்வீஸ் 150, அவுட்டோர் திறந்தது 80, கெபாசிட்டர் 120, மாட்டிய கூலி 100, ஃபுல் கேஸ் 600, கேஸ் கூலி 150. மொத்தம் 1,300.

இப்போது வரி வரியாகப் பாருங்கள். வேலை நடந்திருக்கிறது, எனவே பேசியபடி விசிட் 100 போகும். சர்வீஸ் 150 பேசியது, நிற்கும். அவுட்டோர் சர்வீஸில் அடக்கம், எனவே 80 போகும். கெபாசிட்டரில் 35 எழுதியிருக்கிறது, மீட்டர் 22 காட்டியது, பழையது கையில் இருக்கிறது. 120 நிற்கும். மூடி ஏற்கெனவே திறந்திருந்ததால் மாட்டிய கூலி 100 அதிகம். ஆனால் பழுதைக் கண்டுபிடித்தது அவர் திறமை, அதற்கும் மதிப்புண்டு. பாதியாக, 50 கொடுக்கலாம்.

கேஸ்தான் பெரிய வரி. கழுவிய பிறகு ஓடவிட்டு அளந்தும் அழுத்தம் குறைவாகவே இருந்தது, வால்வு நட்டில் சோப்புத் தண்ணீரில் குமிழி வந்தது, நட்டை முறுக்கியதும் நின்றது. எனவே கேஸ் குறைவு உண்மை. ஆனால் வேக்குவம் போடவில்லை. சிலிண்டர் 4.35 கிலோவிலிருந்து 4.15 கிலோவுக்கு இறங்கியது, போனது 200 கிராம். 800 கிராமுக்கு 600 என்றால் 200 கிராமுக்கு 150. கசிவைத் தேடி, சரிசெய்து, ஏற்றிய கூலி 150 அப்படியே நிற்கட்டும், அது நேர்மையான வேலை. ஆர்-32 ஒரே பொருளால் ஆன கேஸ் என்பதாலும், குழாய்க்குள் அழுத்தம் மிச்சம் இருந்ததால் காற்று புகவில்லை என்பதாலும் இப்படி டாப் அப் செய்வதில் குறையில்லை.

கூட்டிப் பாருங்கள்: 150, 120, 50, 150, 150. மொத்தம் 620. குறைந்த 680-இல் 450 கேஸ் வரியிலிருந்து மட்டும் வந்தது. பேரம் பேசும்போது சின்ன வரிகளில் மல்லுக்கட்டாமல் கேஸில் நேரத்தைச் செலவிடுங்கள் என்பது இதற்காகத்தான். அதே ஆள் வேக்குவம் போட்டு 800 கிராமும் எடை போட்டு ஏற்றியிருந்தால் 600 முழுசாகக் கொடுக்க வேண்டியதுதான். அப்போது "ஃபுல் கேஸ்" விலையில் கூலி அடக்கமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடக்கமென்றால் தனியாக 150 கிடையாது.

இதை எல்லாம் சொன்னால் சண்டைக்கு வருகிறார். பணம் வாங்காமல் போகமாட்டேன் என்கிறார். எப்படி முடிப்பது?

மொத்தத் தொகையைப் பற்றிப் பேசாதீர்கள். "ரொம்ப அதிகம்" என்றால் "எல்லா இடத்திலும் இதான் ரேட்டு" என்று பதில் வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியைக் காட்டி, "அண்ணே, இந்த கேஸ் எத்தனை கிராம்னு எழுதிக் கொடுங்க, அதுக்கு உள்ளதைக் கொடுத்துடறேன்" என்று கேளுங்கள். கோபத்துக்கு அங்கே வேலை இல்லை, எண்ணைச் சொன்னால் முடிந்தது.

இருவருக்கும் சந்தேகமில்லாத தொகையை உடனே கொடுத்துவிடுங்கள். மொத்தத்தையும் நிறுத்தி வைத்தால் அவருடைய அன்றைய உழைப்பே கேள்விக்குள்ளாகும், அது நியாயமும் இல்லை, பேச்சும் முற்றும். மீதியை பில்லிலேயே "கேஸ் அளவு குறித்து ஒப்புதல் இல்லை, நிலுவை இவ்வளவு" என்று எழுதி இருவரும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் அனுப்பிய ஆள் என்றால் அவர் முன்னாலேயே அந்த நிறுவனத்துக்கு போன் போட்டு, எந்த வரியில் பிரச்சினை என்று சொல்லுங்கள். "பில் இல்லாமல் தனியாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் இல்லாத ஸ்பேருக்குப் பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மிரட்டலாகப் பேசினாலோ, வீட்டில் தனியாக இருந்தாலோ, தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் செலுத்தும்போது குறிப்பில் "ஆட்சேபணையுடன்" என்று எழுதுங்கள். பில், பழைய ஸ்பேர், தகட்டின் படம் மூன்றும் கையில் இருந்தால் பிறகு புகார் கொடுக்க அவையே சான்று.

கூடுதல் வேலையே வேண்டாம் என்று சொன்னால் என்ன கொடுக்க வேண்டும்?

விசிட்டிங் சார்ஜும், செய்து முடித்த சர்வீஸ் இருந்தால் அதுவும். பழுதைக் கண்டறிய மட்டும் தனிக் கட்டணம் என்று முன்பே சொல்லியிருந்தால் அதையும் கொடுங்கள். கழற்றியதை எல்லாம் திரும்ப மாட்டி, வந்தபோது இருந்த நிலையில் விட்டுப் போவது அவர் பொறுப்பு. போர்டைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டு போக விடாதீர்கள். கடைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும் என்றால் போர்டின் எண்ணைப் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுத்த பத்தே நாளில் மறுபடி கூலிங் இல்லை. திரும்ப வந்து பார்க்க மறுபடி சார்ஜ் கேட்கிறார்.

அதே பழுதா என்று பிரித்துப் பாருங்கள். மாட்டிய கெபாசிட்டரே போயிருந்தாலோ, முறுக்கிய அதே நட்டில் மறுபடி கசிந்தாலோ அது முதல் வேலையின் மிச்சம், வருகைக்கும் கூலிக்கும் பணம் இல்லை. வேறு இடத்தில், உதாரணமாக இண்டோர் காயிலில் புதிதாகக் கசிவு என்றால், காட்டிவிட்டுக் கேட்கட்டும்.

இந்த வாக்குவாதம் வராமலிருக்க, முதல் நாளே பில்லில் ஸ்பேருக்கும் கசிவு வேலைக்கும் எத்தனை நாள் பொறுப்பு என்று தனித்தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். அவர் கிளம்பும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் இருக்கிறது. கதவை மூடி ஏ.சி.யை கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலே காற்றை உள்ளே இழுக்கும் இடத்திலும் கீழே குளிர்காற்று வரும் இடத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஏ.சி. தன் வேலையைச் செய்கிறது. காற்றில் ஈரம் மிக அதிகமான நாளில் சற்றுக் குறையலாம். அந்த இரண்டு எண்ணையும் பில்லின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து அதே இடத்தில் 3 டிகிரிதான் வித்தியாசம் என்று காட்டினால், "அன்னிக்கு நல்லாதானே ஓடிச்சு" என்ற பேச்சை விட்டுவிட்டு எங்கே கசிகிறது என்று நேரே தேடத் தொடங்கலாம்.